கோர்ஸ் முடியற தேதி தள்ளிப் போச்சுன்னா விசா தேதியும் கூடவே தள்ளிப் போகுமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் இங்கிலாந்துல ஒரு வருஷ எம்எஸ்சி படிக்கறேன், 2025 செப்டம்பர்ல சேர்ந்தேன். கோர்ஸ் முடியற தேதி 2026 செப்டம்பர் 18, விசா 2027 ஜனவரி 18 வரைக்கும் இருக்கு. நடுவுல உடம்பு சரியில்லாம ரெண்டு மாசம் போச்சு, அதனால டிசர்டேஷன் குடுக்கற தேதிய செப்டம்பர் 4ல இருந்து ஜனவரி 15 வரைக்கும் தள்ளித் தர்றேன்னு டிபார்ட்மென்ட்ல சொல்றாங்க. சென்னைல என்னை அனுப்பின கன்சல்டன்ட் "யுனிவர்சிட்டி தேதிய மாத்தினா விசா தானா நீளும், கவலப்படாத"ங்கறார். படிப்பு முடிச்சவங்க இங்கயே தங்கி வேலை பாக்கற கிராஜுவேட் விசாவுக்கு எப்ப அப்ளை பண்றது? செப்டம்பர் 18க்கு அப்புறம் ஃபுல் டைம் வேலை பாக்கலாமா? ஜனவரி 24 ஊர்ல அக்கா கல்யாணம் வேற, போய்ட்டு வரலாமா?

பதில்: அந்த எக்ஸ்டென்ஷன் ஃபார்ம்ல இன்னும் கையெழுத்துப் போடலன்னா இன்னிக்குப் போடாதீங்கம்மா. ஜனவரி 15ங்கற தேதி டிபார்ட்மென்ட் பார்வைல உங்களுக்கு நல்லது பண்றதுதான், ஆனா உங்க விசா கணக்குல அது ரொம்ப மோசமான எடத்துல வந்து விழுது, ஏன்னு சொல்றேன், அதுக்கப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

முதல்ல கன்சல்டன்ட் சொன்னது தப்பு. யுனிவர்சிட்டி உங்க கோர்ஸ் முடியற தேதிய அவங்க சிஸ்டம்ல மாத்தலாம், விசா குடுக்கற அரசாங்கத் துறையான ஹோம் ஆபீஸுக்கு "இந்தப் பொண்ணு லேட்டா முடிக்கப் போறா"ன்னு ரிப்போர்ட்டும் பண்ணலாம், ஆனா அதனால உங்க ஈ-விசாவுல இருக்கற ஜனவரி 18 ஒரு நாள் கூட நகராது. நீங்க தனியா அப்ளிகேஷன் போட்டு, பணம் கட்டி, புதுசா விசா வாங்கினாத்தான் தேதி மாறும். சந்தேகம் இருந்தா ஹோம் ஆபீஸோட விசா பிரிவான யூகேவிஐ அக்கவுண்ட்ல லாகின் பண்ணிப் பாருங்க, அங்க என்ன தேதி போட்டிருக்கோ அதுதான் தேதி, யுனிவர்சிட்டி போர்ட்டல்ல வேற தேதி காட்டினாலும் சரி, டிபார்ட்மென்ட் மெயில்ல வேற தேதி இருந்தாலும் சரி.

இதுல ஒரு விஷயம் நம்ம பசங்க நெறய பேருக்குத் தெரியறதில்ல. தேதி நீளமாகறது மட்டும்தான் தானா நடக்காது, குறையறது யுனிவர்சிட்டி ரிப்போர்ட்டாலயே நடக்கும். ஒருத்தர் சீக்கிரமா முடிச்சுட்டாருன்னு யுனிவர்சிட்டி ரிப்போர்ட் பண்ணினா ஹோம் ஆபீஸ் விசாவ முன்னாடி இழுத்து வெட்டலாம், பிஎச்டி பசங்களுக்கு இது அடிக்கடி நடக்கும். உங்க கேஸ் அது இல்ல, அதனால அத விட்டுருவோம்.

இப்ப கிராஜுவேட் விசா. அதுக்கு மார்க் பர்சன்டேஜ் வேண்டாம், பேங்க்ல பணம் காட்ட வேண்டாம், ஐஇஎல்டிஎஸ் வேண்டாம், வேலை ஆஃபர் வேண்டாம், பட்டமளிப்பு விழா வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். ரொம்ப சிம்பிளான விசான்னு சொல்லுவாங்க, உண்மைதான். ஆனா அதுல ஒரே ஒரு கதவு இருக்கு, அது உங்க கையில இல்ல, யுனிவர்சிட்டி கையில இருக்கு. நீங்க அப்ளை பண்ற நாளுக்கு முன்னாடியே, இல்ல கடைசிப் பட்சம் அதே நாள்ல, "இவங்க கோர்ஸ வெற்றிகரமா முடிச்சுட்டாங்க"ன்னு யுனிவர்சிட்டி ஹோம் ஆபீஸுக்கு ரிப்போர்ட் பண்ணியிருக்கணும். அப்ளை பண்ணும்போது நீங்க இங்கிலாந்துக்குள்ள இருக்கணும், கையில ஸ்டூடண்ட் விசா உயிரோட இருக்கணும். இந்த மூணும் ஒரே நாள்ல சேரணும்.

முடிச்சுட்டாங்கன்னா டிசர்டேஷன அப்லோட் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. குடுத்தது திருத்தப்படணும், ரெண்டாவது ஆள் பாக்கணும், வெளியில இருந்து வர்ற எக்ஸாமினர் பாக்கணும், அப்புறம் எக்ஸாம் போர்டுன்னு ஒண்ணு கூடி "டிகிரி குடுக்கலாம்"னு முடிவு பண்ணணும். அதுக்கப்புறம்தான் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல இருக்கற விசா டீம் லிஸ்ட் எடுத்து ஹோம் ஆபீஸுக்கு ஏத்துவாங்க, பெரிய யுனிவர்சிட்டின்னா ஒரே வாரத்துல ஆயிரக்கணக்கான பேர். ஏத்தினதும் உங்களுக்கு ஒரு மெயில் வரும், "உங்க கோர்ஸ் கம்ப்ளீஷன யூகேவிஐக்கு ரிப்போர்ட் பண்ணிட்டோம், இனி நீங்க கிராஜுவேட் ரூட்டுக்கு அப்ளை பண்ணலாம்"ங்கற மாதிரி. அந்த மெயில்தான் உங்களுக்குப் பச்சைக்கொடி. ரிசல்ட் போர்ட்டல்ல பாஸ்னு வந்தா கூட அந்த மெயில் வரலன்னா கைய கட்டிட்டு உக்காருங்க, இல்ல போன் பண்ணி விசா டீம கேளுங்க, அப்ளை மட்டும் பண்ணாதீங்க.

நான் வேலை பாக்கற எடத்துக்குப் போன வருஷம் ஒரு தம்பி வந்தார். பாஸ்னு ரிசல்ட் வந்துடுச்சு, விசா ரெண்டு நாள்ல முடியுது, பயத்துல ரிப்போர்ட் ஆகறதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணிட்டார். ரிஜெக்ட் ஆச்சு. இங்கத்த அரசாங்க மருத்துவச் சேவைக்காக விசாவோட சேத்துக் கட்டற ஐஎச்எஸ் பணம் திரும்பி வந்தது, விசா கட்டணம் போனது போனதுதான். அதவிடப் பெருசு, ரிஜெக்ட் லெட்டர் வந்த நேரம் ஸ்டூடண்ட் விசாவும் முடிஞ்சிருந்தது, அதனால ரிப்போர்ட் வந்ததுக்கப்புறம் மறுபடி அப்ளை பண்ண கையில விசாவே இல்ல. பாஸ் பண்ணின பையன், எல்லாம் சரியா இருந்தும் பெட்டி கட்ட வேண்டியதாப் போச்சு. இவ்ளோ விவரமா இத நான் எழுதறதுக்குக் காரணம் அந்தத் தம்பிதான்.

சரி, இப்ப உங்க தேதிகள எடுத்து வரிசையா வெச்சுப் பாப்போம். பழைய திட்டப்படி செப்டம்பர் 4 குடுத்திருந்தீங்கன்னா நவம்பர் நடுவுல போர்டு, நவம்பர் கடைசில ரிப்போர்ட், டிசம்பர் முதல் வாரத்துல கிராஜுவேட் அப்ளிகேஷன், விசா முடிய இன்னும் ஆறு வாரம் மிச்சம். நிம்மதியா போயிருக்கும். டிபார்ட்மென்ட் சொல்ற ஜனவரி 15 என்ன பண்ணும்? அது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கக்கிழமை ஜனவரி 18, விசா கடைசி நாள். திருத்தி போர்டு கூட எப்படியும் மார்ச் ஆகும். அதாவது உங்க கையில விசா இருக்கற வரைக்கும் ரிப்போர்ட் வரவே வராது. நீங்க ஒண்ணும் பண்ணாம விட்டா ஜனவரி 18க்குள்ள நாட்ட விட்டுக் கிளம்பணும், ஊர்ல போய் ரிசல்டுக்குக் காத்திருக்கலாம், டிகிரி கெடைக்கும், ஆனா கிராஜுவேட் விசா கெடைக்காது, ஏன்னா அத இங்க இருந்து, ஸ்டூடண்ட் விசாவோடதான் கேக்க முடியும். ஊர்ல இருந்து கேக்கற வழியே கெடையாது.

இதுக்கு மேல இன்னொரு தேதி இருக்கு, அத உங்க டிபார்ட்மென்ட்ல யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நெனைக்கறேன், அவங்க வேலை அது இல்ல. கிராஜுவேட் விசா இப்ப ரெண்டு வருஷம். 2027 ஜனவரி 1ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு அது 18 மாசம்தான், பிஎச்டி முடிச்சவங்களுக்கு மட்டும் மூணு வருஷம் அப்படியே இருக்கு. இங்க கவனிக்க வேண்டியது அப்ளை பண்ற தேதி. நீங்க எப்ப கோர்ஸ் சேர்ந்தீங்க, எப்ப டிசர்டேஷன் குடுத்தீங்க, எப்ப விசா அப்ரூவ் ஆகுதுங்கறது இல்ல. ஆன்லைன்ல ஃபார்ம முடிச்சு பணம் கட்டற நாள்தான் அப்ளை பண்ற நாள். டிசம்பர் 31 ராத்திரிக்குள்ள பணம் கட்டி முடிச்சா ரெண்டு வருஷம், மறுநாள் கட்டினா ஆறு மாசம் கம்மி. அந்த ஆறு மாசம் சும்மா ஆறு மாசம் இல்ல, ஒரு கம்பெனி உங்களை வேலைல வெச்சுப் பாத்து, பிடிச்சு, ஸ்கில்டு வொர்க்கர் ஸ்பான்சர்ஷிப்புக்கு மேல பேசி முடிக்கறதுக்குத் தேவைப்படற ஆறு மாசம். எஜுகேஷன் லோன் கட்டற குடும்பத்துக்கு அது இன்னும் பெரிய விஷயம்.

அதனால என் யோசனை, உங்க உடம்பு ஒத்துழைக்கும்னா, எக்ஸ்டென்ஷனே வேண்டாம்னு சொல்லாதீங்க, சின்ன எக்ஸ்டென்ஷன் கேளுங்க. நாலு மாசத்துக்குப் பதிலா ஆறு வாரம். செப்டம்பர் 4ல இருந்து ஆறு வாரம்னா அக்டோபர் 16. ஆனா இந்த அக்டோபர் 16 நான் சும்மா சொல்றது, உண்மையான தேதி எக்ஸாம் போர்டு என்னிக்குன்றதப் பொறுத்தது. அதனால முன்னாடி இருந்து எண்ணாம பின்னாடி இருந்து எண்ணுங்க. டிசம்பர் 24க்குள்ள ஏறக்குறைய எல்லா யுனிவர்சிட்டியும் மூடிரும், ஜனவரி முதல் வாரம்தான் திறப்பாங்க. நடுவுல மெயில் அனுப்பினா ஆட்டோ ரிப்ளைதான் வரும். அதனால விசா டீம் ரிப்போர்ட் பண்ற நாள் டிசம்பர் 18க்குள்ள இருந்தா நல்லது. அதுக்கு போர்டு டிசம்பர் முதல் வாரம், இல்ல ரெண்டாவது வாரத் தொடக்கத்துல கூடணும். அந்த போர்டுக்குப் போறதுக்கு மார்க் எப்ப ரெடியாகணும், அதுக்கு நீங்க எப்ப குடுக்கணும்னு டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குத் துல்லியமாத் தெரியும். பேராசிரியருக்குத் தெரியாது, ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும், அவங்கள கேளுங்க.

கேக்கும்போது "எக்ஸ்டென்ஷன் எவ்ளோ நாள் கெடைக்கும்"னு கேக்காதீங்க, அப்படிக் கேட்டா அவங்க பெருசா குடுக்கத்தான் பாப்பாங்க, நல்ல மனசுலதான். இப்படிக் கேளுங்க: "டிசம்பர்ல எக்ஸாம் போர்டு இருக்கா, என்னிக்கு? அந்த போர்டுல என் மார்க் போகணும்னா நான் குடுக்க வேண்டிய கடைசி நாள் எது?" அதே நாள் விசா டீமுக்கு தனி மெயில் போடுங்க: "அந்த போர்டுல நான் பாஸ் ஆனா யூகேவிஐக்கு எந்தத் தேதில ரிப்போர்ட் பண்ணுவீங்க? கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னாடி முடியுமா? என் விசா ஜனவரி 18 முடியுது." ரெண்டு பதிலையும் எழுத்துல வாங்குங்க. இந்த ரெண்டு ஆபீசும் ஒரே பில்டிங்ல இருந்தா கூட பல எடத்துல ஒருத்தர் பண்றது இன்னொருத்தருக்குத் தெரியறதில்ல. டிபார்ட்மென்ட் எக்ஸ்டென்ஷன் குடுத்துட்டா விசா டீம் ஒத்துக்கிட்ட மாதிரின்னு நெனைக்காதீங்க, ஸ்பான்சர்ஷிப் பத்தி முடிவு பண்றது விசா டீம்தான்.

சின்ன எக்ஸ்டென்ஷன்ல இன்னொரு நல்லது இருக்கு. ஒருவேளை ரிப்போர்ட் லேட்டாகி டிசம்பர் 31 தவறிப் போச்சுன்னா கூட ஜனவரி 18 வரைக்கும் விசா இருக்கு, ஜனவரி முதல் ரெண்டு வாரத்துல ரிப்போர்ட் வந்தா அப்ளை பண்ணிரலாம், 18 மாசம்தான் கெடைக்கும், ஆனா ஸ்டூடண்ட் விசாவ நீட்டிக்கற செலவும் அலைச்சலும் இல்ல.

ஒரு நிமிஷம், இத ஒரு கட்டளையா எடுத்துக்காதீங்க. உடம்பு உண்மையிலேயே தேறல, அக்டோபர்ல குடுத்தா அரைகுறையா இருக்கும், ஃபெயில் ஆயிடும்னு உங்க சூப்பர்வைசருக்கே தோணுதுன்னா ஜனவரி தேதியவே எடுத்துக்கங்க. ஆறு மாசம் குறையறது வருத்தம்தான், ஃபெயில் ஆகறது அதவிட மோசம், ஏன்னா ஃபெயில் ஆனா ரீசப்மிஷன், அது எப்படியும் அடுத்த வருஷத்துக்குப் போயிரும். சூப்பர்வைசர்கிட்ட நேராக் கேளுங்க, இப்ப எத்தனை சாப்டர் ஆயிருக்கு, டேட்டா கையில இருக்கா இல்ல இன்னும் சேகரிக்கணுமான்னு வெச்சு அவர் சொல்லுவார். டேட்டா கையில இருந்தா ஆறு வாரம் போதும்னு என் அனுபவத்துல பட்டிருக்கு. இன்னும் இன்டர்வியூவே ஆரம்பிக்கலன்னா போதாது.

அப்படி ஜனவரி தேதியத்தான் எடுக்கறீங்கன்னா, இல்ல டிசம்பர் போர்டுல ரீசப்மிஷன் சொல்லிட்டாங்கன்னா, அப்ப ஸ்டூடண்ட் விசாவ நீட்டிக்கணும். அதுக்கு யுனிவர்சிட்டி புது காஸ் நம்பர், அதாவது உங்கள ஸ்பான்சர் பண்றோம்னு உறுதி சொல்ற நம்பர், குடுக்கணும். இது உரிமை இல்ல, அவங்க முடிவு. ரீசப்மிஷனுக்கு நீங்க இங்க இருந்து சூப்பர்வைசரப் பாத்துப் படிக்கணும்னு அவங்க சொன்னாத்தான் ஸ்பான்சர் பண்ணுவாங்க. "இது வீட்டுல உக்காந்து எழுதற வேலை, ஊர்லயே எழுதலாம்"னு சொல்லிட்டாங்கன்னா காஸ் கெடைக்காது, சில எடத்துல ஸ்பான்சர்ஷிப்பையே நிறுத்திருவாங்க, அப்ப ஹோம் ஆபீஸ் விசாவ சாதாரணமா 60 நாளுக்கு வெட்டும். அதனால டிபார்ட்மென்ட் எழுதற லெட்டர்ல "தொடர்ந்து சூப்பர்விஷன் உண்டு, அட்டெண்டன்ஸ் எடுப்போம்"னு இருக்கா, இல்ல "வித்தவுட் அட்டெண்டன்ஸ்"னு இருக்கான்னு பாருங்க. அந்த ரெண்டு வார்த்தைலதான் உங்க விசாவே தொங்குது. வித்தவுட் அட்டெண்டன்ஸ்னு இருந்தா அத அப்படியே வாங்கிட்டு வராதீங்க, ஏன் அப்படின்னு அன்னிக்கே விசா டீமையும் ஸ்டூடண்ட் யூனியன்ல இருக்கற அட்வைஸ் சென்டரையும் பாருங்க, சூப்பர்விஷன் உண்மையிலேயே தேவைப்படற கேஸ்ல அத மாத்தி எழுதிக் குடுத்திருக்காங்க.

காஸ் கெடைக்கும்னா நவம்பர்லயே கேட்டு வெச்சுருங்க, "டிசம்பர் போர்டு சரியா வரலன்னா எனக்கு உடனே தேவைப்படும்"னு. கேட்ட அன்னிக்கே குடுக்க மாட்டாங்க, ஃபீஸ் பாக்கி இருந்தா கட்டச் சொல்லுவாங்க, அட்டெண்டன்ஸ் பாப்பாங்க, நடுவுல கிறிஸ்துமஸ் லீவு. காஸ்ல போட்டிருக்கற தொடக்கத் தேதி இப்ப இருக்கற விசா முடிஞ்சு 28 நாளுக்குள்ள இருக்கணும், அத அவங்களே பாத்துக்குவாங்க, நீங்களும் ஒரு கண்ணு வெச்சுக்கங்க. உங்க கோர்ஸுக்கு முதல்ல, சில அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கு மட்டும் கேக்கற பாதுகாப்பு அனுமதியான ஏடாஸ் கிளியரன்ஸ் வாங்கியிருந்தீங்கன்னா மறுபடி வேணுமான்னும் கேட்டுக்கங்க, அது வாரக்கணக்கா ஆகும். பேங்க் பேலன்ஸ் காட்ட வேண்டியதில்ல, ஏன்னா அப்ளை பண்ற நேரத்துல நீங்க ஒரு வருஷத்துக்கு மேல சரியான விசாவோட இங்க இருந்திருப்பீங்க. ஒரே கோர்ஸ முடிக்கறதுக்காகத் திரும்பக் கேக்கறதால "மேல்படிப்புக்குத்தான் போகணும்"ங்கற கண்டிஷனும் உங்களுக்குக் கெடையாது.

செலவு எவ்வளவுன்னு கேப்பீங்க. ஸ்டூடண்ட் விசா நீட்டிக்கறதுக்கு ஐநூறு பவுண்டுக்கு மேல விசா கட்டணம், அதுக்கு மேல ஐஎச்எஸ், ஸ்டூடண்டுக்கு வருஷத்துக்கு 776 பவுண்டு, குடுக்கற விசா ஆறு மாசத்துக்குள்ள இருந்தா பாதி, 388. கிராஜுவேட் விசாவுக்கு ஐஎச்எஸ் வருஷத்துக்கு 1,035, ரெண்டு வருஷத்துக்கு 2,070, 18 மாசத்துக்கு 1,552 பவுண்டு 50 பென்ஸ், மொத்தமும் முன்னாடியே கட்டணும். அதாவது டிசம்பர்ல அப்ளை பண்றதா இருந்தா விசா கட்டணத்தோட சேத்து மூவாயிரம் பவுண்டுக்கு மேல கையில ரெடியா இருக்கணும். நம்ம வீட்டுல இருந்து பணம் அனுப்பறதுக்குப் பேங்க்ல ரெண்டு மூணு நாள் ஆகும், கிறிஸ்துமஸ் லீவுல இன்னும் ஆகும், டிசம்பர் 30ஆம் தேதி கார்டு டிக்ளைன் ஆனா என்ன பண்ணுவீங்க? நவம்பர்லயே அப்பாகிட்ட சொல்லி வெச்சுருங்க. ஃபார்ம்ல உங்க பழைய காஸ் நம்பர் கேக்கும், அத இப்பவே தேடி எடுத்து வெச்சுக்கங்க, போன வருஷ மெயில்ல இருக்கும்.

வேலை விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் தெரியாமத் தப்புப் பண்றவங்க அதிகம். பழைய கணக்குப்படி செப்டம்பர் 18க்கு அப்புறம் நீங்க ஃபுல் டைம் பாக்கலாம், சரி. ஆனா எக்ஸ்டென்ஷன் வாங்கின நிமிஷத்துல இருந்து நீங்க செப்டம்பர் 18ல கோர்ஸ் முடிச்சவங்க இல்ல, இன்னும் படிச்சுட்டு இருக்கறவங்க. எம்எஸ்சி டிசர்டேஷன் எழுதற காலம் லீவு காலம் கெடையாது, டெர்ம்தான். அதனால புதுத் தேதி வரைக்கும் திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும் ஒரு வாரத்துல 20 மணி நேரம்தான், ரெண்டு எடத்துல வேலை பாத்தா ரெண்டும் சேத்து 20. கேர் ஹோம்லயோ வேர்ஹவுஸ்லயோ மேனேஜர் உங்க பழைய லெட்டரப் பாத்து "உனக்கு 18ஆம் தேதி முடிஞ்சுடுச்சே, 40 மணி நேரம் போட்டுடறேன்"னு ஷிஃப்ட் லிஸ்ட்ல போட்டுருவார். அவருக்குத் தெரியாது, அவர் மேல தப்பில்ல, ஆனா விசா உங்களுது. மணி நேரம் பே ஸ்லிப்புல ஏறும், டாக்ஸ் ஆபீஸுக்குப் போகும், பிற்பாடு எந்த விசாவுக்கு அப்ளை பண்ணினாலும் அதத் தோண்டலாம். அதனால புதுத் தேதி போட்ட லெட்டர் யுனிவர்சிட்டில வாங்கி வேலை பாக்கற எடத்துல நீங்களே குடுத்துருங்க. அக்டோபர் 16 புது முடிவுத் தேதின்னு யுனிவர்சிட்டி எழுத்துல குடுத்தா அதுக்கு அப்புறம் ரிசல்டுக்குக் காத்திருக்கற நாள்ல ஃபுல் டைம் பாக்கலாம். தேதிய வாய்வழியா சொன்னா எடுத்துக்காதீங்க.

கடைசியா அக்கா கல்யாணம். இத எழுதறதுக்கு எனக்கே கஷ்டமா இருக்கு. தை மாசக் கல்யாணம், வீட்டுல எல்லாரும் எதிர்பார்ப்பாங்க, ஆனா ஜனவரி 24 உங்களுக்கு சரியான தேதியா அமையல. கிராஜுவேட் விசாவோ ஸ்டூடண்ட் விசாவோ, இங்க இருந்து அப்ளை பண்ணிட்டு பதில் வர்றதுக்கு முன்னாடி நீங்க நாட்ட விட்டு வெளிய போனா அப்ளிகேஷன நீங்களே வாபஸ் வாங்கினதா எடுத்துக்குவாங்க. ஃபார்ம்லயே அது எழுதியிருக்கும். போய்ட்டு ஜனவரி 18 தாண்டித் திரும்ப வர விசாவும் இருக்காது. டிசம்பர் நடுவுல அப்ளை பண்ணினா பதிலுக்கு எட்டு வாரம்னு ஹோம் ஆபீஸ் சொல்லியிருக்கு, பல பேருக்கு அதுக்கு முன்னாடியே வருது, ஆனா உங்களுக்கு ஜனவரி 22க்குள்ள வரும்னு என்னால சொல்ல முடியாது. பதில் வந்துட்டா, ஈ-விசாவுல புதுத் தேதி ஏறிட்டா, தாராளமா போய்ட்டு வரலாம், ஒரு தடையும் இல்ல. அதனால டிக்கெட் போட்டா பணம் திரும்ப வர்ற மாதிரி போடுங்க, வீட்டுல இப்பவே சொல்லி வைங்க. முகூர்த்தம் இன்னும் குறிக்கல, பேச்சுல தான் இருக்குன்னா பிப்ரவரி நடுவுக்கு அப்புறம் பாக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க, மாப்பிள்ளை வீட்டுல எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க. அப்ளிகேஷன் போட்டு பதில் வராம ஜனவரி 18 தாண்டிருச்சேன்னு பயப்படாதீங்க, விசா இருக்கும்போதே அப்ளை பண்ணியிருந்தா பதில் வர்ற வரைக்கும் பழைய விசாவோட உரிமைகளும் கட்டுப்பாடுகளும் அப்படியே தொடரும், நீங்க சட்டப்படிதான் இங்க இருப்பீங்க. வெளிய மட்டும் போகாதீங்க.

இந்த வாரம் பண்ண வேண்டியது ரெண்டே மெயில்தான், டிபார்ட்மென்ட் ஆபீஸுக்கு ஒண்ணு, விசா டீமுக்கு ஒண்ணு, மேல சொன்ன மாதிரி. ரெண்டு பதிலும் வந்ததுக்கப்புறம் எக்ஸ்டென்ஷன் ஃபார்ம்ல எந்தத் தேதி போடறதுன்னு சூப்பர்வைசரோட உக்காந்து முடிவு பண்ணுங்க. உங்க விசா டீம் ஆளுங்க சொல்றதுக்கும் நான் எழுதினதுக்கும் எங்கயாவது முட்டிக்கிச்சுன்னா அவங்க உங்க ஃபைலப் பாத்து சொல்றவங்க, அவங்களத்தான் கேக்கணும். சென்னை கன்சல்டன்ட் இனி விசா பத்தி எது சொன்னாலும் அவங்ககிட்ட ஒரு தடவ கேட்டுட்டு செய்யுங்க, இங்க குடியுரிமை, விசா பத்தி ஆலோசனை சொல்றதுக்கே அரசாங்கப் பதிவு வேணும், உங்க யுனிவர்சிட்டி டீமுக்கு அதுக்கு அனுமதி உண்டு, காசும் கேக்க மாட்டாங்க. பதில் வந்ததும் போர்டு தேதியையும் அவங்க சொன்ன ரிப்போர்ட் தேதியையும் எனக்கு எழுதுங்க, நடுவுல எத்தனை நாள் இருக்குன்னு சேந்து எண்ணிப் பாத்துருவோம்.